ஏசிக்கு அடிக்கடி காஸ் அடிக்க வேண்டியிருந்தால்: குறைவின் அறிகுறிகளும் ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வழியும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஏசி திருத்தப் போனால் பெரும்பாலும் வாசலிலேயே ஒரு கோரிக்கை காத்திருக்கும். "தம்பி, காஸ் முடிஞ்சு போச்சு போல. கொஞ்சம் அடிச்சு விடுங்கோ." மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் முடிவதுபோல ஏசிக்கும் காஸ் ஓட ஓடத் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தரம் காஸ் அடிப்பது பராமரிப்பின் ஒரு பகுதி என்று நம்பிக் காசு கொடுத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஏசிக்குள் இருக்கும் காஸ் எரிவதில்லை, தேய்வதில்லை, தீர்வதில்லை. அது மூடிய செப்புப் பைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளி யூனிற்றில் இருக்கும் கொம்பிரசர் அதை அழுத்துகிறது. அழுத்தப்பட்டுச் சூடான காஸ் வெளிச் சுருளில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஒரு மிக ஒடுங்கிய வழியால் போய் அழுத்தம் இறங்கி, உள் யூனிற்றின் சுருளில் கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடி கொம்பிரசருக்குத் திரும்புகிறது. பூட்டிய நாளில் உள்ளே 950 கிராம் இருந்தால் பத்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே 950 கிராம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், அது எங்கோ ஓர் இடத்தால் வெளியே போயிருக்கிறது.

சுவரில் பூட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் காஸ் மிகக் கொஞ்சம், அதன் இணைப்புகளும் வேறு மாதிரி. அதற்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் காஸைச் சந்தேகிக்காதீர்கள்

குளிர் குறைந்தவுடன் காஸ்தான் காரணம் என்று முடிவெடுக்க முன், ஒரு அரை மணித்தியாலம் செலவழித்துச் சில விடயங்களைப் பாருங்கள். வன்னியில் உள் வீதிகள் பலவும் இன்னமும் கிரவல் வீதிகள்தான். கோடையில் ஒரு உழவு இயந்திரம் போனால் எழும்பும் செம்புழுதி வீட்டுக்குள்ளும் வரும், வெளி யூனிற்றிலும் படியும். உள் யூனிற்றின் மூடியைத் திறந்து பில்டரை வெளியே எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வெளி யூனிற்றின் பின்பக்கத் தகடுகளில் புழுதி அப்பியிருந்தால், பிரேக்கரை விழுத்திவிட்டு, அதிகம் வேகமில்லாத குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வேகமாகத் தண்ணீர் அடித்தால் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்துவிடும்.

கறண்டையும் பாருங்கள். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்கும்போது கொம்பிரசர் தொடங்கச் சிரமப்படும், தொடங்கி நிற்கும். அதற்குக் காஸ் அடித்துப் பயனில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிர் வரவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

தொட்டும் பார்த்தும் அறிவது

ஏசியைக் குளிர் நிலையில், அறையின் வெப்பநிலைக்கு நன்றாகக் கீழே வைத்து, மின்விசிறியைக் கூட்டி, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் உள் யூனிற்றின் மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும், கீழே குளிர்க்காற்று வெளியே வரும் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஏசியில் இரண்டுக்கும் இடையில் பொதுவாக 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்கும். மாரியில், காற்று ஈரமாக இருக்கும் நாட்களில், இது கொஞ்சம் குறையும். நாலைந்து பாகைதான் வருகிறது என்றால் ஏதோ பிழை.

அப்புறம் வெளி யூனிற்றுக்குப் போங்கள். அதன் பக்கவாட்டில் இரண்டு செப்புப் பைப்புகள் வந்து சேரும், ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. பைப் சுற்றின உறை முடிகிற இடத்தில், நட் இருக்கிற வால்வைக் கையால் தொட்டுப் பாருங்கள். வயர் இணைப்பு மூடியைத் திறக்க வேண்டாம், விசிறிப் பக்கம் கை கொண்டுபோக வேண்டாம். காஸ் சரியாக இருந்தால் தடித்த பைப் நன்றாகக் குளிர்ந்து வியர்த்திருக்கும். காஸ் குறைந்தால் மெல்லிய பைப்பின் வால்வில் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும், தடித்த பைப்போ காய்ந்து, வெளிக் காற்றின் சூட்டிலேயே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய அடையாளம் இதுதான். மெல்லியதில் பனி, தடித்ததில் குளிர் இல்லை.

உள் யூனிற்றிலும் இதே கதையைப் பார்க்கலாம். பில்டரை எடுத்துவிட்டு டோர்ச் அடித்துச் சுருளைப் பாருங்கள். காஸ் குறைந்த ஏசியில், காஸ் நுழைகிற பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் பனியாகவோ ஈரமாகவோ இருக்கும், மிச்சம் முழுக்கக் காய்ந்திருக்கும். உள்ளே வந்த கொஞ்சத் திரவமும் முதல் சில வளைவுகளுக்குள்ளேயே கொதித்து முடிந்துவிடுவதுதான் காரணம். பில்டர் அடைத்தோ விசிறி மெதுவாகியோ பனி பிடித்தால் அது வேறு மாதிரி இருக்கும். அப்போது சுருள் முழுக்கப் பனி படரும், தடித்த பைப்பிலும் பனி ஏறும்.

காஸ் குறைந்தால் குளிர் குறைய வேண்டும், பனி எப்படிப் பிடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். காஸின் அழுத்தமும் அது கொதிக்கும் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஆர்-410ஏ காஸ் ஏறத்தாழ 118 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 4 பாகையில் கொதிக்கும். அளவு குறைந்து அழுத்தம் 100க்குக் கிட்ட இறங்கினால் பூச்சியம் பாகையில் கொதிக்கும், அதற்கும் கீழே போனால் பூச்சியத்துக்குக் கீழே. அப்போது சுருளில் படும் ஈரம் தண்ணீராக வடியாமல் அங்கேயே உறைகிறது. அந்தச் சிறு இடம் மட்டும் மிகக் குளிராக இருந்தாலும் அறைக்குப் போகும் மொத்தக் குளிர் குறைவுதான். பனி வளர்ந்து காற்றையும் மறித்தால் இன்னும் மோசமாகும். ஏசியை நிறுத்தியதும் அந்தப் பனி உருகி உள் யூனிற்றால் சொட்டும். அதைப் பார்த்துத் தண்ணீர் போகும் குழாய் அடைத்துவிட்டது என்று மட்டும் திருத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

உள் யூனிற்றில் சீறல் அல்லது தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தம், கொம்பிரசர் இடையில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது, அதனால் கறண்ட் பில் ஏறுவது ஆகியவையும் கூடவே வரலாம். ஆனால் இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. தனியே இவற்றை வைத்துக் காஸ் குறைவு என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

ஒரு மருந்துக் கடை ஏசி

கிளிநொச்சியில் ஏ-9 வீதியை அண்டிய ஒரு மருந்துக் கடை. 12,000 பி.ரி.யு. ஏசி, இன்வேர்ட்டர் இல்லாதது, யூனிற்றின் விவரத் தகட்டில் ஆர்-410ஏ 950 கிராம் என்று இருந்தது. கடைக்கார அண்ணை சொன்னார்: "மூண்டு தரம் காஸ் அடிச்சாச்சு தம்பி. முதல் தரம் அடிச்சது ஏழு மாசம் போச்சு. பிறகு நாலு மாசம். கடைசியா அடிச்சு ரண்டரை மாசம் கூட ஆகேல்லை." மூன்று பில்லும் வைத்திருந்தார். மூன்றிலும் "காஸ் நிரப்பியது" என்று மட்டும் இருந்தது. எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று ஒன்றிலும் இல்லை.

பில்டர் சுத்தம், வோல்ற்றேஜ் சரி. மெல்லிய பைப்பில் பனி, தடித்த பைப் காய்ந்து கிடந்தது. கிளாம்ப் மீற்றரை வயரில் போட்டுப் பார்த்தால் தகட்டில் 5 அம்பியர் போட்டிருந்த இயந்திரம் 3.6 தான் எடுத்தது. கொம்பிரசருக்கு அழுத்தக் காஸ் இல்லை, அதனால் அதன் பாரம் குறைவு. (இன்வேர்ட்டர் ஏசியில் இந்த ஒப்பீடு பொருந்தாது. அது தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்.) அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டினால், காஸ் கொம்பிரசருக்குத் திரும்பி வரும் உறிஞ்சும் பக்கம் 80 பி.எஸ்.ஐ. காட்டியது. அது பூச்சியத்துக்கு ஆறு பாகைக்கும் கீழே. பனி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏசியை நிறுத்திவிட்டுக் கேஜில் அழுத்தம் நன்றாக இருக்கிறதே, காஸ் குறையவில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். உள்ளே ஒரு கோப்பைத் திரவம் மிச்சமிருந்தாலும் நின்ற ஏசியில் அழுத்தம் சுற்றுச் சூட்டுக்கு ஏற்றபடிதான் காட்டும். 30 பாகையில் ஆர்-410ஏ 260 பி.எஸ்.ஐ.க்குக் கிட்ட நிற்கும், உள்ளே 950 கிராம் இருந்தாலும் சரி, 600 இருந்தாலும் சரி. எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரே நேரான வழி, வெளியே எடுத்து நிறுப்பது.

எடுத்து நிறுத்தபோது 610 கிராம் வந்தது. 340 கிராம் இல்லை.

பில்களை வாசித்தால் தெரிவது

இனி அந்தக் காலக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் ஏறத்தாழ இதே அளவு குறைந்த பிறகுதான் கடைக்காரருக்குக் குளிர் போதவில்லை என்று தெரிந்திருக்கும். நிரப்பியவர்கள் ஒவ்வொரு தரமும் முழு அளவுக்குக் கொண்டுவந்திருந்தால், முதல் இடைவெளியில் மாதத்துக்கு 50 கிராம் அளவில் போயிருக்கிறது. இரண்டாவதில் 85 கிராம். கடைசியில் 136 கிராம். ஒழுக்கு இருந்தது மட்டுமல்ல, பெரிதாகிக்கொண்டும் வந்திருக்கிறது. அடுத்த தரம் அடித்தால் அது இரண்டு மாதம் கூடத் தாங்காது என்பதை அங்கேயே சொல்லலாம்.

அடிக்கடி நிரப்ப வேண்டியிருப்பதே ஒழுக்கு இருக்கிறது என்பதற்குப் போதிய சான்று. ஓட்டையைக் கண்ணால் காணவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. ஒரே ஒரு தரம் நிரப்புவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். பூட்டும்போது பைப் வழமையைவிட நீளமாகப் போட்டு அதற்கு மேலதிகக் காஸ் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது பூட்டும் நேரம் கொஞ்சம் வெளியே போயிருக்கும். அப்படியானால் ஒரு தரம் சரியாக நிரப்பிய பிறகு பிரச்சினை திரும்ப வரக்கூடாது. வந்தால் அது ஒழுக்குத்தான். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தரம் காஸ் கேட்கும் ஏசிக்கு, இடத்தைக் கண்டுபிடிக்காமல் நான் காஸ் போட மாட்டேன். வாடிக்கையாளர் கோபித்தாலும் பரவாயில்லை.

ஏனென்றால் இழப்பது காஸ் காசு மட்டுமல்ல. திரும்பி வரும் குளிர்ந்த காஸ்தான் கொம்பிரசரின் மோட்டாரையும் குளிர வைக்கிறது. அது குறைந்தால் கொம்பிரசர் சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்து, ஆறிய பிறகு மறுபடி ஓடும். காஸோடு சேர்ந்து சுற்றும் ஒயிலும் திரும்பி வரப் போதிய வேகமில்லாமல் சுருளிலேயே தங்கும், ஒழுக்கு வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். காஸ் மிகவும் குறைந்து உறிஞ்சும் பக்கம் வெளிக் காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போனால், அதே ஓட்டையால் காற்றும் ஈரமும் உள்ளே வரும். ஆர்-410ஏ, ஆர்-32 யூனிற்றுகளின் ஒயில் ஈரத்தை இழுத்து அமிலமாகும் தன்மை கொண்டது. அப்புறம் கேள்வி காஸ் பற்றியது அல்ல, கொம்பிரசர் பற்றியது. அதற்குப் போகும் காசில் பலர் புது ஏசியையே வாங்கிவிடுவார்கள்.

வெளியே போன காஸ் காற்றில் மறைந்துவிடுவதுமில்லை. ஒரு கிலோ ஆர்-410ஏ வளிமண்டலத்தைச் சூடாக்குவது ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். அந்த மருந்துக் கடையிலிருந்து மூன்று தரத்தில் போனது அந்த அளவுதான்.

ஒழுக்கைத் தேடுவது

முதலில் கண்ணால் தேடுங்கள். காஸோடு ஒயிலும் கசியும். அந்த ஒயிலில் புழுதி ஒட்டும். எங்கள் செம்புழுதி இந்த விடயத்தில் உதவியே செய்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்த செந்நிறமாக இருக்க, ஒழுகும் நட்டைச் சுற்றி மட்டும் கறுத்து, ஈரமாக, கையில் பிசுபிசுக்கும். மருந்துக் கடையில் தடித்த பைப்பின் நட்டுக்குக் கீழே அப்படி ஒரு கறை இருந்தது.

பிறகு சவர்க்கார நுரை. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சத் தண்ணீரில் கலந்து, தூரிகையால் நட், வால்வு, ஒட்டிய மூட்டு எல்லாவற்றிலும் தடவிப் பொறுமையாகப் பாருங்கள். பெரிய ஒழுக்கு உடனே குமிழி விடும். சிறியது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் எடுத்து வெள்ளை நுரையாக மெல்ல வளரும். தடவிவிட்டு உடனே அடுத்த நட்டுக்குப் போகிறவர் அதைத் தவறவிடுவார். ஏசியை நிறுத்திவைத்துச் செய்தால் தடித்த பைப் பக்கமும் அழுத்தம் ஏறி நிற்கும், ஒழுக்கு தெளிவாகத் தெரியும். இது வரைக்கும் வீட்டுக்காரரே செய்யலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை நான்கு நட்டுகள்: வெளியே இரண்டு, உள் யூனிற்றின் பின்னால் உறைக்குள் மறைந்திருக்கும் இரண்டு. அடுத்தது காஸ் அடிக்கும் வாயிலில் இருக்கும் சிறு ஊசி வால்வு. ஒவ்வொரு தரம் கேஜ் பூட்டும்போதும் அது அழுத்தப்படுகிறது. அதன் மூடி தொலைந்திருந்தால் அல்லது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கெட்டிருந்தால், காஸ் அடித்த இடமே காஸ் போகும் இடமாகிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாடைக் காற்றோடு வரும் உப்பு வெளிச் சுருளின் தகடுகளை மாவாக்கும், அங்கே சுருளையும் கவனமாகப் பார்க்க வேண்டும். உள் சுருளில் ஊசித்துளை விழுந்திருந்தால் அதை ஒட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு துளை விழுந்த செம்பு அருகிலும் மெலிந்திருக்கும். சுருளை மாற்றுவதுதான் சரி.

மருந்துக் கடையில் அந்தத் தடித்த பைப்பின் நட்டிலேயே நுரை வளர்ந்தது. கழற்றிப் பார்த்தால் பைப்பின் விரிந்த வாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அதன் மேல் வெளி யூனிற்றின் அதிர்வு வெடிப்பை வளர்த்திருக்கிறது. ஒவ்வொரு தரம் வந்தவரும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாயை வெட்டி, உள்ளே துருவிச் சீராக்கி, புதிதாக விரித்து, இறுக்கத்தை அளக்கும் சாவியால் இறுக்கினோம்.

திருத்திய பிறகு நடக்க வேண்டியவை

இங்கேதான் அவசரம் வரும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மூன்று விடயங்கள் நடக்கின்றனவா என்று பார்க்கலாம், கேட்கலாம்.

முதலாவது, காய்ந்த நைதரசன் நிரப்பி அழுத்தச் சோதனை, தகட்டில் உள்ள அழுத்த எல்லைக்குள். ஒட்சிசன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அழுத்தத்தில் ஒட்சிசனும் ஒயிலும் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம். மருந்துக் கடையில் பின்னேரம் 34 பாகையில் 300 பி.எஸ்.ஐ. வைத்தோம். பத்து நிமிடத்தில் ஊசி வால்விலும் மெதுவாக நுரை எழும்பியது. ஒரு ஒழுக்கைக் கண்டதும் தேடுவதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். வால்வின் உள்ளூசியையும் மூடியையும் மாற்றி மறுபடி 300 வைத்து இரவு விட்டோம். காலையில் 26 பாகை, கேஜ் 292. கடைக்காரர் பயந்துவிட்டார். ஆனால் வாயு குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். 8 பாகை குறைந்தால் 300 இலிருந்து ஏறத்தாழ 8 பி.எஸ்.ஐ. இறங்குவது கணக்குப்படி சரி. வெப்பநிலையைக் குறிக்காமல் அழுத்தத்தை மட்டும் குறித்தால் இல்லாத ஒழுக்கைத் தேடி ஒரு நாள் போய்விடும்.

இரண்டாவது, வெக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது. அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். மைக்ரோன் மீற்றர் இருந்தால் 500க்குக் கீழே போய், பம்பை நிறுத்திய பிறகும் அதற்குக் கிட்ட நிற்க வேண்டும். கொஞ்சக் காஸை விட்டுக் காற்றைத் தள்ளுகிறேன் என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தகட்டில் உள்ள அளவைத் தராசில் நிறுத்துப் போடுவது. கேஜை மட்டும் பார்த்து மேலே மேலே போட்டால் கூடிப்போகவும் வாய்ப்புண்டு, கூடினாலும் கொம்பிரசருக்குக் கேடு. தகட்டில் எழுதியிருக்கும் அதே வகைக் காஸ்தான் போட வேண்டும். பழைய ஆர்-22 யூனிற்றுக்கு வேறு வகை, ஆர்-410ஏக்கு ஆர்-32 என்று கலந்து போடக் கூடாது. ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கக் கூடியது. அந்த யூனிற்றில் வேலை நடக்கும்போது கதவு, யன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. சமையல் காஸைப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை அந்த ஏசியைத் தொடவே விடாதீர்கள்.

மருந்துக் கடையில் 950 கிராம் நிறுத்துப் போட்ட பிறகு உறிஞ்சும் பக்கம் 120 பி.எஸ்.ஐ., கறண்ட் 4.9 அம்பியர், காற்று வித்தியாசம் 11 பாகை. தடித்த பைப் வியர்த்தது.

பில்லில் காஸின் வகை, போட்ட கிராம், வெளியே எடுத்த கிராம், ஒழுக்கு இருந்த இடம், திகதி ஆகிய ஐந்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும், ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு அதே வெப்பமானியால் அதே இரண்டு இடங்களில் அளந்து, பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதே அளவில் நின்றால் ஒழுக்கு அடைபட்டிருக்கிறது. இரண்டு மூன்று பாகை இறங்கி, பில்டரும் சுத்தமாக இருந்தால், குளிர் முழுக்கப் போகும்வரை காத்திருக்காமல் அந்தப் பில்லோடு திருத்தியவரை மறுபடி கூப்பிடுங்கள். அவர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும்.